மரியாதையாகக் காலி பண்ணச் சொல்வது

"மரியாதையா வீட்டைக் காலி பண்ணிடு" என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால், அந்த வாக்கியத்தில் இல்லாத ஒரே விஷயம் மரியாதைதான். சினிமாவில் வில்லனின் அடியாள் பேசும் வசனம் அது. நிஜமாகவே மரியாதையாகக் காலி பண்ணச் சொல்ல முடியுமா, அதை ஒரு கடிதத்தில் எழுத முடியுமா என்பதுதான் இந்தப் பதிவு. முடியும் என்பது என் கட்சி. ஆனால் அந்த மரியாதை "அன்புள்ள", "தாழ்மையுடன்", "வருத்தத்துடன்" போன்ற வார்த்தைகளில் இல்லை. வேறு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

ஏனாத்தூர் பக்கம் படிக்கிறவர்களுக்கு இந்த விஷயம் அந்நியமில்லை. பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி இரண்டும் இங்கே இருப்பதால் ஹாஸ்டல் பிடிக்காதவர்களும் ஹாஸ்டலுக்குப் பிடிக்காதவர்களும் நான்கைந்து பேராகச் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள். மாடியில் ஒரு போர்ஷன், ஒரு ஹால், ஒரு ரூம், வெளியே துவைக்கிற கல். ஸ்டாம்ப் பேப்பரில் பதினொரு மாத ஒப்பந்தம். பதினொரு மாதம் முடியும்போது பெரும்பாலும் யாரும் எதுவும் எழுதுவதில்லை. கீழ்வீட்டு அம்மா தண்ணீர் மோட்டார் போடும்போது "தம்பி, எங்க பெரியவன் வர்றான் போலிருக்கு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விடுவார். அல்லது தெருமுனை மளிகைக் கடைக்காரர் மூலம் சேதி வரும். "வர்றான் போலிருக்கு" என்பது காலி பண்ணச் சொல்வதா, குடும்பச் செய்தியா என்று நான்கு பேரும் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்வார்கள். மூன்று மாதம் கழித்து ஒருநாள் திடீரென்று "அப்பவே சொன்னேனே" என்று சண்டை வரும். இரண்டு தரப்பும் நல்லவர்கள்தான். ஒரு காகிதம் இல்லாததுதான் குறை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம், பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான்.

தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்கு என்று 1960-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு 2017-ல் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது நகர்ப்புறங்களுக்கானது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று அதன் எல்லை போகிறது. ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு அப்பா தாத்தா காலத்துச் சட்டம்தான்: 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம். வெள்ளைக்காரன் எழுதியதுதான், ஆனால் குத்தகை பற்றிய அதன் சில பிரிவுகள் இன்றைக்கும் ரொம்பத் தெளிவாக இருக்கின்றன.

அதில் 111-ஆம் பிரிவு ஒரு எளிய விஷயத்தைச் சொல்கிறது. காலம் குறித்து விட்ட குத்தகை, அந்தக் காலம் முடிந்ததும் தானாக முடிந்துவிடும். 2025 ஜூலை 1 முதல் பதினொரு மாதம் என்று எழுதியிருந்தால் 2026 மே 31-ஆம் தேதியோடு கதை முடிந்தது. நோட்டீஸ் கொடுத்துத்தான் முடிக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. (ஏன் எல்லோரும் பதினொரு மாதம் போடுகிறார்கள் என்றால், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 107-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து பதினொன்றில் நிறுத்துகிறோம். ஜாதகத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்காக இந்த அடைப்புக்குறி.)

அப்படியானால் கடிதம் எதற்கு என்று கேட்கலாம். அங்கேதான் 116-ஆம் பிரிவு வருகிறது. காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவர் இருந்து, வீட்டுக்காரர் வாடகையை வாங்கிக்கொண்டாலோ வேறு விதமாகச் சம்மதித்தாலோ, பழைய ஒப்பந்தம் மாதாமாதக் குத்தகையாகப் புதுப்பிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ளப்படும். மே 31-ல் முடிந்திருக்க வேண்டியது, ஜூன் 5-ஆம் தேதி வந்த வாடகையை வாங்கிக்கொண்டதால் உயிர்பெற்று எழுந்துவிடக்கூடும். இப்போது ஜிபே காலம். பையன்கள் வழக்கம்போல அனுப்பிவிடுகிறார்கள், பணம் கணக்கில் விழுந்துவிடுகிறது, பெரியவருக்கு அதைத் திருப்பி அனுப்பத் தெரியாது. "வாடகையை வாங்கிக்கிட்டுத்தானே இருக்கீங்க" என்று நாளைக்கு ஒருவர் கேட்டால் பதில் வேண்டும். 'நான் புதுப்பிக்கவில்லை' என்று முன்பே எழுதிக் கொடுத்த கடிதம்தான் அந்தப் பதில்.

அதன் பிறகு அவர்கள் மாதாமாதக் குடித்தனக்காரர்கள் ஆகிவிட்டால் 106-ஆம் பிரிவுப்படி பதினைந்து நாள் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும். தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், அவர் வீட்டில் குடும்பத்தாரிடமோ வேலைக்காரரிடமோ கொடுக்கலாம், இதெல்லாம் முடியாவிட்டால் வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். பதினைந்து நாள் என்பது எழுதிய தேதியிலிருந்து இல்லை, கையில் கிடைத்த தேதியிலிருந்து.

இதெல்லாம் குறைந்தபட்சம். பதினைந்து நாள் என்பது சட்டத்துக்குப் போதும். நான்கு பேர், நான்கு கட்டில், ஒரு பழைய வாஷிங் மெஷின், மே மாதம் செமஸ்டர் எக்ஸாம் என்றால் பதினைந்து நாள் எந்த மூலைக்கு? மரியாதை இங்கே ஆரம்பிக்கிறது என்பது என் அபிப்பிராயம். சட்டம் கேட்பதற்கு மேலே எத்தனை நாள் தருகிறீர்கள் என்பதுதான் கடிதத்தின் முதல் மரியாதை. மே 31-க்கு மார்ச் 1-ஆம் தேதியே எழுதினால் மூன்று மாதம் கிடைக்கிறது. வீடு தேடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய "அன்புள்ள" கிடையாது.

தேதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கடிதங்கள் இங்கேதான் வழுக்குகின்றன. "கூடிய விரைவில்", "மே மாத வாக்கில்", "தங்களுக்கு வசதிப்படும்போது" என்றெல்லாம் எழுதுகிறார்கள். கேட்க இதமாக இருக்கும். ஆனால் வசதிப்படும்போது என்றால் எனக்கு வசதிப்படும் நாள் 2031-ல்தான் வருகிறது என்று ஒருவன் சொன்னால்?

இதற்கு ஒரு நிஜ வழக்கு இருக்கிறது. பகபந்தாஸ் அகர்வாலா எதிர் பகவான்தாஸ் கனு என்று பெயர். வீட்டுக்காரர் கொடுத்த நோட்டீஸில் 1962 "அக்டோபர் மாதத்துக்குள்" காலி செய்யவேண்டும், தவறினால் நவம்பர் 1 முதல் அத்துமீறி இருப்பவராகக் கருதப்படுவீர்கள் என்று இருந்தது. அந்தக் காலத்தில் 106-ஆம் பிரிவில் ஒரு கெடுபிடி இருந்தது. நோட்டீஸ் முடியும் நாளும் குத்தகை மாதம் முடியும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். வாடகைக்கு இருந்தவர் தரப்பு இதைப் பிடித்துக்கொண்டது. "மாதத்துக்குள்" என்றால் மாதம் முடிவதற்கு முன்னாலேயே என்று அர்த்தம், மாதம் முழுக்க இருக்க எனக்கு உரிமை உண்டு, ஆகவே நோட்டீஸ் செல்லாது என்று வாதம். ஒரு வேற்றுமை உருபுக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1977-ல் தீர்ப்பு வந்தது. இப்படிப்பட்ட நோட்டீஸைக் குற்றம் கண்டுபிடிக்கிற கண்ணோடு படிக்கக்கூடாது, பொது அறிவோடு படிக்க வேண்டும், "அக்டோபருக்குள்" என்றால் அக்டோபர் 31 நள்ளிரவு வரை நேரம் உண்டு என்றுதான் பொருள், நோட்டீஸ் செல்லும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். வீட்டுக்காரர் ஜெயித்தார், சரி. ஆனால் 1962-ல் கொடுத்த நோட்டீஸுக்கு 1977-ல் ஜெயித்தார். "31-10-1962 அன்று" என்று எழுதியிருந்தால் அந்த வாதமே பிறந்திருக்காது.

(பிறகு 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாத முடிவோடு பொருந்த வேண்டும் என்ற அந்தக் கெடுபிடியே எடுக்கப்பட்டுவிட்டது. நாள் கொஞ்சம் குறைந்துபோனாலும், அந்தப் பதினைந்து நாள் கழிந்த பிறகு வழக்குப் போட்டிருந்தால் நோட்டீஸ் கெடாது என்றும் சேர்த்தார்கள். ஆனாலும் தேதியை முழுசாக எழுதுவதற்கு என்ன கேடு?)

ஆகவே தேதி, மாதம், வருஷம், கிழமை நான்கும் வேண்டும். கிழமை எதற்கு என்றால், தேதியில் கை தவறினால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். மே 31, 2026 ஞாயிற்றுக்கிழமை. கல்லூரிப் பையன்களுக்குச் சாமான் ஏற்ற ஞாயிறு வசதி, டாடா ஏஸ் கிடைப்பதும் அன்றைக்குச் சுலபம். அதோடு அது வைகாசி. இதைச் சிரிக்காமல் கேளுங்கள். காலி செய்யும் தேதி ஜூலை 31 என்று விழுந்தால் அது ஆடி. நம் பக்கம் ஆடியில் யாரும் புதுவீட்டில் பால் காய்ச்சுவதில்லை, வாடகைக்கு விடுகிறவர்களும் "ஆவணி பிறக்கட்டும்" என்கிறார்கள். மார்கழியும் அப்படித்தான். உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் அடுத்த வீட்டுக்காரருக்கு இருக்கும். ஆடியில் காலி செய்யச் சொன்னால், போவதற்கு இடமில்லாமல் போகச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். நல்ல வீட்டுக்காரர் காலண்டரைப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தின் முதல் தேதியையே அதற்கேற்ப வைத்துக்கொள்வார்.

அடுத்தது காரணம். இங்கேதான் எனக்கும் நண்பர்கள் சிலருக்கும் சண்டை.

ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விடுவதற்கு 1882 சட்டப்படி காரணம் சொல்லவே வேண்டாம். ஆகவே "காரணமே எழுதாதே, எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள்" என்று சில வக்கீல்கள் ஆலோசனை சொல்வார்கள். தொழில் முறையில் அது சரியாக இருக்கலாம். ஆனால் காரணம் சொல்லக் கடமை இல்லாத இடத்தில் சொல்வதுதானே மரியாதை? வருஷம் முழுக்க அதே மாடிப்படியில் ஏறி இறங்கியவனுக்கு "ஏன்" என்ற கேள்வி ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். நாம் சத்தம் போட்டோமா, நம் ஜாதியை யாராவது சொல்லிவிட்டார்களா, கருவாடு வறுத்த வாசனையா என்று மனசு எங்கெங்கோ போகும். ஒரு வரியில் உண்மையைச் சொல்லிவிட்டால் அது நிற்கும்.

ஆனால் நிபந்தனை: அது உண்மையாக இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று காரணம் எழுதினால் மூன்றுமே பொய் மாதிரித் தெரியும். "மகன் வருகிறான், வீடும் ஒழுகுகிறது, வாடகையும் கட்டுப்படியாகவில்லை" என்று எழுதினால் படிக்கிறவன் மூன்றாவதை மட்டும்தான் நம்புவான்.

பொய்க் காரணத்தின் கதை இந்த மாநிலத்துக்குப் புதிதில்லை. பழைய 1960 சட்டத்திலேயே அதற்கு ஒரு பூட்டு போட்டிருந்தார்கள். சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்று உத்தரவு வாங்கிக் காலி செய்யவைத்த வீட்டுக்காரர், ஒரு மாதத்துக்குள் அங்கே குடிவராவிட்டாலோ, வந்துவிட்டு ஆறு மாதத்துக்குள் தக்க காரணமில்லாமல் காலி செய்துவிட்டாலோ, வெளியே போனவர் மனுப்போட்டு மறுபடி உள்ளே வரலாம். அந்தச் சட்டம் இப்போது இல்லை, ஆனால் அப்படி ஒரு விதி எழுத வேண்டி வந்ததிலிருந்தே "மகன் வருகிறான்" எத்தனை வீடுகளில் வரவில்லை என்று ஊகிக்கலாம். ஏனாத்தூர் மாதிரிச் சின்ன இடத்தில் பொய் ஒரு மாதம் தாங்காது. ஜூன் மாதம் அதே மாடியில் வேறு நான்கு பேர் கொடியில் துணி காயப்போட்டிருப்பதை பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். வாடகையை ஏற்றத்தான் வேண்டும் என்றால் அதையே எழுதலாமே. "மாதம் 10,000 எதிர்பார்க்கிறேன், உங்களால் முடியாது என்று நினைக்கிறேன், முடியுமானால் ஏப்ரல் 15-க்குள் சொல்லுங்கள்" என்பதில் என்ன அவமானம்? அது அவர் வீடு.

குடியிருப்பவர்களின் நடத்தைதான் நிஜக் காரணம் என்றால்? என் கருத்து, ஒன்று காரணமே எழுதாமல் விடலாம், அல்லது தேதியோடு நடந்ததை மட்டும் எழுதலாம். "இரவு பதினோரு மணிக்கு மேல் மாடியில் பாட்டு வைப்பது பற்றி இரண்டு முறை சொன்னேன், நிற்கவில்லை" என்பது செய்தி. "ஒழுங்கில்லாத பையன்கள்" என்பது வசவு. கடிதம் என்பது பேச்சு மாதிரிக் காற்றில் போவதில்லை. வசவு எழுதிய கடிதத்தை அந்தப் பையன் பத்து வருஷம் வைத்திருப்பான். ஜாதி, மதம், சாப்பாடு, யார் பார்க்க வந்தார்கள் என்பதெல்லாம் காரணமாக எழுதத் தோன்றினால், பேனாவை மூடிவிட்டு ஒரு நாள் கழித்து உட்காருவது நல்லது.

இப்போது ஒரு கடிதத்தை நானே எழுதிப் பார்க்கிறேன். கற்பனைக் கணக்குதான்: வாடகை 8,000, அட்வான்ஸ் 40,000, நான்கு பேர், ஒப்பந்தம் மேலே சொன்ன தேதிகள். எழுதுகிறவர் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"01-03-2026. அன்புள்ள தம்பிகளுக்கு, நலம். மாடிப் போர்ஷனுக்கு நாம் எழுதிக்கொண்ட பதினொரு மாத ஒப்பந்தம் 31-05-2026 ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதை மேற்கொண்டு புதுப்பிக்க இயலாத நிலையில் இருக்கிறேன். என் மகள் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறாள், ஜூன் மாதத்திலிருந்து அவர்கள் மாடியில் இருப்பார்கள். ஆகவே அன்று மாலை 6 மணிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை என்னிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பரீட்சையை மனதில் வைத்துத்தான் இப்போதே எழுதுகிறேன். அதற்கு முன்பே வேறு வீடு அமைந்தால் பத்து நாள் முன்னதாகச் சொன்னால் போதும், இருந்த நாள் வரைக்கும் மட்டும் வாடகை தந்தால் சரி. மே மாதம் வரை வாடகையை வழக்கம்போலத் தந்துவிடுங்கள், அட்வான்ஸில் கழிக்க வேண்டாம். அட்வான்ஸ் 40,000-ல் ஒப்பந்தப்படி வெள்ளையடிக்க 5,000, கடைசி மின் கட்டணம் இரண்டும் போக மீதியைச் சாவி வாங்கும்போதே தருகிறேன். மே 31-க்குப் பிறகு ஏதாவது தொகை வந்தால் அதை வாடகையாக நான் ஏற்க மாட்டேன். வீடு பார்க்க விரும்புகிறவர்களிடம் உங்களைப் பற்றிச் சொல்ல என் நம்பரைத் தரலாம். இப்படிக்கு..."

இதில் எந்த வரியும் அலங்காரத்துக்கு இல்லை என்பதைப் பாருங்கள். "முன்பே போனால் இருந்த நாளுக்கு மட்டும் வாடகை" என்ற வரி ரொம்ப முக்கியம். அது இல்லாவிட்டால் ஏப்ரலில் நல்ல வீடு கிடைத்தாலும் இரண்டு இடத்துக்கும் வாடகை கட்ட வேண்டுமே என்று பையன்கள் விட்டுவிடுவார்கள், பிறகு மே கடைசியில் எதுவும் கிடைக்காது. நேரமும் கொடுத்து, அந்த நேரத்தைப் பயன்படுத்த விடாமலும் செய்வது அரை மரியாதை.

"அட்வான்ஸில் கழிக்க வேண்டாம்" என்ற வரி நம் பக்கத்துத் தவறுக்கு. காலி பண்ணச் சொன்ன மறுமாதமே வாடகையை நிறுத்திவிட்டு "அட்வான்ஸ்ல எடுத்துக்கோங்க அங்கிள்" என்பது மாணவர் உலகத்தின் தேசிய கீதம். அட்வான்ஸ் திரும்பி வராது என்ற பயம்தான் காரணம். வீட்டுக்காரர் கணக்கைக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் அந்தப் பயம் பாதி போய்விடும்.

கணக்கு என்றதும் வெள்ளையடிப்பு வந்துவிடும். ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருந்தால் சரி. எழுதாமல் விட்டிருந்தால், 108-ஆம் பிரிவுப்படி குடியிருந்தவர் வாங்கிய நிலையிலேயே வீட்டைத் தர வேண்டும், ஆனால் நியாயமான தேய்மானம் கழித்து. சுவர் மங்கியது தேய்மானம். சுவரில் கிரிக்கெட் ஸ்டம்ப் வரைந்தது தேய்மானம் இல்லை. உடைந்த குழாய்க்கு ரசீது காட்டிப் பிடிக்கலாம், "மொத்தமா பதினைஞ்சாயிரம் ஆகும்" என்று குத்துமதிப்பாகப் பிடிப்பது நியாயமில்லை. நகர்ப்புறச் சட்டத்தில் வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித்தர வேண்டும் என்று இருக்கிறது. ஊராட்சிப் பக்கம் ஒப்பந்தம்தான் எல்லாம், ஆகவே கடிதத்தில் வரும் அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறது என்பதால் காலி செய்யும் நாளில் மீட்டரைப் போட்டோ எடுத்து இரண்டு பேரும் வைத்துக்கொண்டால் அந்தச் சண்டையும் இல்லை.

கொடுக்கும் விதத்தில் ஒரு விஷயம். கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் "பெற்றுக்கொண்டோம்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குவதுதான் சிறந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட எல்லோருக்கும் பெயர் போட்டுக் கொடுக்க வேண்டும், ஒருவனிடம் மட்டும் கொடுத்தால் மற்ற மூவரும் "எங்களுக்குத் தெரியாதே" என்பார்கள். தபால் என்றால் ஸ்பீட் போஸ்ட். பதிவுத் தபாலை 2025 செப்டம்பர் 1 முதல் அதோடு சேர்த்துவிட்டார்கள். வாட்ஸப்பில் போட்டோ அனுப்புவது கூடுதலுக்கு இருக்கட்டும்.

தேதி வந்தும் போகவில்லை என்றால்? இங்கே கடிதத்தின் வேலை முடிந்து கோர்ட் வேலை தொடங்குகிறது. கரண்டைப் பிடுங்குவது, மோட்டார் போடாமல் விடுவது, கல்லூரிக்குப் போன நேரத்தில் வேறு பூட்டு மாட்டுவது எல்லாம் ஊரில் நடக்கிற சங்கதிகள்தான். ஆனால் காலம் முடிந்தவனைக்கூடச் சட்டப்படிதான் வெளியேற்ற வேண்டும். பூட்டு மாட்டினால் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1963-ன் 6-ஆம் பிரிவில், வெளியே தள்ளப்பட்டவன் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வரலாம். யார் சொந்தக்காரர் என்ற கேள்வியே அந்த வழக்கில் எழாது. நன்றாகக் கடிதம் எழுதிய வீட்டுக்காரர் கடைசி நாள் கோபத்தில் பூட்டுப் போட்டு எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக "லீஸ்" பற்றி. நம் பேச்சில் லீஸ் என்றால் மாத வாடகை கிடையாது. போக்கியம், ஒத்தி என்றும் சொல்கிறோம். மொத்தமாக மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ கொடுத்து இருந்துவிட்டு, போகும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்வது. கல்லூரி ஊழியர் குடும்பங்கள் சில அப்படி இருக்கின்றன. இங்கே "புதுப்பிக்க இயலாது, இந்தத் தேதியில் காலி செய்யுங்கள்" என்று மட்டும் எழுதும் கடிதம் பாதிக் கடிதம். அந்தப் பணம் பெரும்பாலும் வீட்டுக்காரரிடம் இருப்பதில்லை, மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ போயிருக்கும். அடுத்த ஆள் தரும் பணத்தில்தான் இவருக்குத் தர வேண்டும். அடுத்த ஆளோ வீடு காலியானால்தான் பணம் தருவார். குடியிருப்பவர் பணம் வந்தால்தான் காலி செய்வார், ஏனென்றால் அவர் போகும் புது வீட்டுக்கும் அதே பணம்தான் லீஸ் தொகை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆகவே அந்தக் கடிதத்தில் தேதியைவிட முக்கியமாக எழுத வேண்டியது, முழுத் தொகை எந்த நாளில், எந்த வழியில், சாவிக்கு எதிராகக் கைக்குக் கை வருமா என்பது. முடிந்தால் பத்து சதவீதத்தை ஒரு மாதம் முன்பே கொடுத்துவிட்டால் அவர் புது வீட்டுக்கு முன்பணம் கட்டிக்கொள்வார். அந்தப் பணத்துக்கு ரசீது வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம். பாக்கித் தொகைக்கு வங்கி டி.டி. எடுத்து வைத்திருந்தால் சாமான் வண்டி வாசலில் நிற்கும்போதே கையில் கொடுத்துவிடலாம்.